மோட்டாரின் கைமாற்றுக் கணக்கு

கோவையைச் சுற்றிப் பம்பு தயாரிக்கும் சிறு தொழிற்கூடங்கள் பல உண்டு. அவற்றைப் போன்ற ஒன்றை மனத்தில் கற்பனை செய்துகொள்வோம். பெயர் வேண்டாம், எண்கள் போதும். லேத்துகள், துளையிடும் இயந்திரங்கள், ஒரு பெரிய காற்றழுத்தி ஆகிய எல்லாம் முழு மூச்சாக ஓடும்போது அங்கே 160 கிலோவாட் திறன் செலவாகிறது. 11,000 வோல்ட்டை 415 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் சொந்த மின்மாற்றி ஒன்று வாசலருகே நிற்கிறது. அதன் அளவு 250 கே.வி.ஏ.

தொழிற்கூட உரிமையாளர் இன்னும் 30 கிலோவாட் அளவுக்கு இயந்திரங்கள் வாங்க எண்ணுகிறார். 160உடன் 30ஐக் கூட்டினால் 190தானே, 250 கே.வி.ஏ. மின்மாற்றி தாராளமாகத் தாங்குமே என்பது அவர் கணக்கு. மின்பொறியாளரோ தலையை அசைத்து, “இப்போதே 222 கே.வி.ஏ. ஓடுகிறது. புது இயந்திரங்களையும் சேர்த்தால் 264 ஆகிவிடும். ஒன்று, பெரிய மின்மாற்றி வாங்குங்கள், அல்லது பவர் ஃபாக்டரைச் சரி செய்யுங்கள்” என்கிறார்.

“மோட்டார் சாப்பிடாத கரண்டுக்கு நான் எதுக்குங்க இடம் கொடுக்கணும்?” என்று உரிமையாளர் கேட்பார். நியாயமான கேள்விதான். 160 கிலோவாட் எப்படி 222 கே.வி.ஏ. ஆயிற்று? முதலில் அதைக் காண்போம்.

மாறுதிசை மின்னோட்டம் ஒரு நொடிக்கு 50 முறை ஊசலாடுகிறது என்பது நீங்கள் அறிந்ததே. மின்விளக்கின் இழை, இஸ்திரிப் பெட்டி போன்ற மின்தடைகளில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். அங்கே வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் கிடைத்துவிடும். ஆனால் தொழிற்கூடத்தில் ஓடுபவை பெரும்பாலும் தூண்டல் மோட்டார்கள். 1888இல் டெஸ்லா காப்புரிமை பெற்ற அதே வகைதான். இந்த மோட்டாரின் சுழலும் பகுதிக்கு வெளியிலிருந்து மின்கம்பி எதுவும் போவதில்லை. நிலைப் பகுதியில் எழும் காந்தப்புலமே அதைத் தூண்டிச் சுழற்றுகிறது. ஆகவே வேலை செய்வதற்கு முன்பே அந்தக் காந்தப்புலத்தை எழுப்பியாக வேண்டும்.

காந்தப்புலத்தை எழுப்ப ஆற்றல் வேண்டும். ஆனால் அந்த ஆற்றல் செலவாகிவிடுவதில்லை. மூன்று கட்டங்களுள் ஒன்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். மின்னோட்டம் ஏறும்போது காந்தப்புலம் எழுகிறது. ஆற்றல் மோட்டாருக்குள் போகிறது. மின்னோட்டம் இறங்கும்போது புலம் ஒடுங்குகிறது. போன ஆற்றல் அப்படியே மின்கம்பிக்குத் திரும்புகிறது. ஒரு நொடிக்கு 100 முறை இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. இது வட்டியில்லாக் கைமாற்றுப் போன்றது: வாங்கியது முழுவதும் உடனே திரும்பிவிடுகிறது, கடைசியில் கணக்கில் எதுவும் நிற்பதில்லை. ஆயினும் போய் வருவதற்குப் பாதை வேண்டும் அல்லவா? மின்நிலையத்திலிருந்து மோட்டார் வரையிலுள்ள ஒவ்வொரு கம்பியும் ஒவ்வொரு மின்மாற்றியும் இந்தப் போக்குவரத்தைச் சுமக்கின்றன. சுமக்கும்போது சூடேறுகின்றன.

இப்படி வேலை செய்யாமல் போய் வரும் மின்னோட்டத்தைப் பாடநூல்கள் ‘சுழித்திறன் மின்னோட்டம்’ என்று அழைக்கும். அது மின்னழுத்தத்துக்குக் கால் சுற்று, அதாவது 90 பாகை, பின்தங்கி வருவது. வேலை செய்யும் மின்னோட்டமோ மின்னழுத்தத்தோடு ஒத்துச் செல்வது. இரண்டுக்கும் இடையே 90 பாகை இருப்பதால் இவற்றைச் சாதாரணமாகக் கூட்டக் கூடாது. செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வரைந்து கர்ணத்தைக் காண வேண்டும். கர்ணம்தான் கம்பியில் உண்மையாக ஓடும் மின்னோட்டம்.

இதே முக்கோணத்தைத் திறனுக்கும் வரையலாம். அடிப்பக்கம், வேலை செய்யும் திறன், அலகு கிலோவாட். செங்குத்துப் பக்கம், போய் வரும் திறன். இதன் அலகைத் தொழிற்கூடங்களில் ‘கேவார்’ என்பார்கள். கர்ணம், கம்பியும் மின்மாற்றியும் சுமக்க வேண்டிய மொத்தம், அதுவே கே.வி.ஏ. அடிப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் வரும் எண்தான் திறன் காரணி. பத்தாம் வகுப்புக் கோணவியலில் அதன் பெயர் கொசைன்.

நம் தொழிற்கூடத்துக்கு வருவோம். அடிப்பக்கம் 160, கர்ணம் 222.2. வகுத்தால் 0.72. பிதாகரஸ் தேற்றப்படி செங்குத்துப் பக்கம் 154. அதாவது 160 கிலோவாட் வேலைக்கு ஏறக்குறைய அதே அளவு கைமாற்றுப் போக்குவரத்து நடக்கிறது! மின்னோட்டத்தில் சொன்னால், ஒவ்வொரு கட்டக் கம்பியிலும் 309 ஆம்பியர் ஓடுகிறது. அதில் வேலை செய்யும் பகுதி 223 ஆம்பியர் மட்டுமே.

திறன் காரணி ஏன் இவ்வளவு தாழ்ந்து கிடக்கிறது? பெரும்பாலும் பெரிய மோட்டார்களுக்குச் சிறிய வேலை கொடுப்பதுதான் காரணம். காந்தப்புலத்துக்கான மின்னோட்டம், மோட்டார் முழுச் சுமையில் ஓடினாலும் வெறுமனே சுற்றினாலும் ஏறத்தாழ ஒன்றுதான். வேலை குறையக் குறைய முக்கோணத்தின் அடிப்பக்கம் சுருங்குகிறது. செங்குத்துப் பக்கம் அப்படியே நிற்கிறது. 5 குதிரைத்திறன் போதுமான இடத்தில் 10 குதிரைத்திறன் மோட்டாரை மாட்டிவிட்டு, பிறகு அதைச் சரிக்கட்ட மின்தேக்கி வாங்குவது என் கண்ணுக்கு நல்ல வேலையாகத் தெரியவில்லை. மோட்டாரைப் பொருத்தமாகத் தேர்வது முதல் வேலை. எஞ்சியதைத்தான் மின்தேக்கியிடம் விட வேண்டும்.

இனி மின்தேக்கியைப் பார்ப்போம். அதுவும் கைமாற்று வாங்கித் திருப்பித் தருவதே. ஆனால் அதன் ஆற்றல் மின்புலத்தில் தங்குகிறது. அதன் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குக் கால் சுற்று முந்தி வருகிறது. மோட்டார் கால் சுற்றுப் பிந்தி, மின்தேக்கி கால் சுற்று முந்தி; ஆக இரண்டும் நேர் எதிர். மோட்டார் ஆற்றல் கேட்கும் அதே கணத்தில் மின்தேக்கி தன்னிடம் உள்ளதைத் திருப்பித் தரத் துடிக்கிறது. மோட்டார் திருப்பித் தரும் கணத்தில் மின்தேக்கி வாங்கத் தயாராக இருக்கிறது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டால், மோட்டார் தொலைவிலுள்ள மின்நிலையத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. அண்டை வீட்டிலேயே கைமாற்று முடிந்துவிடும்!

ஒன்றைக் கவனியுங்கள். மோட்டாருக்குள் ஓடும் மின்னோட்டம் இதனால் ஒரு மில்லி ஆம்பியர்கூடக் குறைவதில்லை. மின்தேக்கி இணைந்துள்ள இடத்திலிருந்து மின்நிலையம் நோக்கிய பாதையில்தான் மின்னோட்டம் குறைகிறது. மின்தேக்கியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இதுவே விடை. நம் தொழிற்கூடத்தில் மின்மாற்றியின் சுமையைக் குறைப்பதே நோக்கமாகையால், மின்மாற்றியை அடுத்த முதன்மைப் பேனலில் வைத்தால் போதும்.

எத்தனை கேவார் வேண்டும்? இதற்கு மாதாந்திர மின்கட்டணச் சீட்டிலுள்ள சராசரித் திறன் காரணியை மட்டும் நம்பக் கூடாது. அதில் ஓடும் நேரமும் ஓயும் நேரமும் கலந்திருக்கும். ஒரு வேலை நாளில் மணிக்கொரு முறை மீட்டரில் கிலோவாட்டையும் கே.வி.ஏ.யையும் குறித்துக்கொள்வதே முறை. அப்படிக் குறித்ததில் காலை 11 மணிக்குக் கிடைத்த உச்ச எண்கள்தாம் மேலே சொன்ன 160உம் 222உம் என்று கொள்வோம்.

அடுத்து, எந்தத் திறன் காரணிக்கு உயர்த்துவது என்று முடிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்புப் பெற்ற தொழிற்சாலைகள் 0.90க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குறைந்தால் கூடுதல் கட்டணம் உண்டு. உச்சத் தேவைக்கான கட்டணமும் கிலோவாட்டில் அன்றி கே.வி.ஏ.யில்தான் கணக்கிடப்படுகிறது. சற்று இடம் விட்டு 0.95 என்று குறி வைப்போம். கணக்கு இதோ:

Q = P (tan φ₁ − tan φ₂)

P என்பது கிலோவாட்; φ₁ இப்போதுள்ள கோணம்; φ₂ வேண்டிய கோணம். கொசைன் 0.72 ஆனால் டேன்ஜென்ட் 0.964. கொசைன் 0.95 ஆனால் டேன்ஜென்ட் 0.329. மடக்கைப் புத்தகத்தின் பின்பகுதியில் நீங்களே சரிபார்க்கலாம். வேறுபாடு 0.635. அதை 160ஆல் பெருக்கினால் 101.6. சுமார் 100 கேவார் என்று வைத்துக்கொள்ளலாம்.

வாய்பாட்டை மறந்துவிட்டாலும் முக்கோணம் கைகொடுக்கும். செங்குத்துப் பக்கம் 154இல் 100ஐ வெட்டிவிட்டோம், மீதி 54. அடிப்பக்கம் அதே 160. கர்ணம் 169. அதாவது 222 கே.வி.ஏ. 169ஆகிவிட்டது. கம்பியில் ஓடிய 309 ஆம்பியர் 235 ஆகிவிட்டது. மின்மாற்றியின் செம்புச் சுருளில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது ஆதலால், அது முன்பிருந்ததில் 58 விழுக்காடாகக் குறைகிறது.

புது இயந்திரங்கள் வந்தபின் என்ன ஆகும்? அவையும் இதே வகைதான் என்று கொண்டால், 190 கிலோவாட்டும் 183 கேவாரும் வேண்டும். மின்தேக்கி 100ஐத் தந்துவிடும், மீதி 83. கர்ணம் 207 கே.வி.ஏ. பழைய மின்மாற்றியே போதும்! திறன் காரணியும் 0.92இல் நிற்கிறது.

“0.95 எதற்கு? ஒன்றுக்கே உயர்த்திவிடலாமே” என்று உங்களில் சிலர் கேட்கலாம். 160 கிலோவாட் கணக்கையே மறுபடி பாருங்கள். முதல் 100 கேவார் 53 கே.வி.ஏ.யைக் குறைத்தது. எஞ்சிய 54 கேவாரையும் நீக்கினால் 169 என்பது 160 ஆகும். குறைவது வெறும் 9. பாதி விலைக்கு மேல் கொடுத்து ஆறில் ஒரு பங்கு பயனைப் பெறுவது யாருக்கு லாபம்? கோணம் சிறியதாகும்போது கர்ணமும் அடிப்பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவதால் வரும் விளைவு இது.

கணக்கு முடிந்தது, இனிக் கடைக்குப் போகலாமா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கடையில் கிடைக்கும் மின்தேக்கிப் பெட்டியின் தகட்டில் ‘25 கேவார், 440 வோல்ட்’ என்று பொறித்திருக்கும். அழுத்தம் கூடும் நேரங்களிலும் தாங்கட்டும் என்று 440க்குச் செய்கிறார்கள். நம் பேனலில் இருப்பதோ 415. மின்தேக்கி தரும் கேவார் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 415ஐ 440ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.89. ஆக, 25 என்று எழுதிய பெட்டி நம்மிடம் 22.2தான் தரும். நான்கு பெட்டி வாங்கி 100 என்று நினைத்திருந்தால் கிடைப்பது 89. நமக்கு மெய்யாகவே 100 வேண்டுமானால் 100ஐ 0.89ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 112.5. அதாவது 25 கேவாரில் நான்கு பெட்டியும் 12.5 கேவாரில் ஒரு பெட்டியும்.

அந்த 25 கேவார் பெட்டிக்குள் மூன்று மின்தேக்கிகள் முக்கோணமாக இணைந்துள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 137 மைக்ரோ ஃபாரட். உங்கள் வீட்டுக் கூரை மின்விசிறியில் இருப்பது பெரும்பாலும் 2.5 மைக்ரோ ஃபாரட். அளவின் வேறுபாட்டுக்காகச் சொன்னேன். விசிறியில் அதற்கு வேறு வேலை.

ஐந்து பெட்டிகளையும் நிரந்தரமாக இணைத்துவிட்டால் என்ன? காலை 11 மணிக்கு எல்லாம் நன்றாக இருக்கும். மதிய உணவு இடைவேளையில் பாருங்கள். பெரும்பாலான இயந்திரங்கள் நின்றுவிட, 30 கிலோவாட்டும் 40 கேவாரும் மட்டும் தேவைப்படுகின்றன என்க. மின்தேக்கிகளோ 100 கேவாரைக் கொட்டுகின்றன. 60 கேவார் மிஞ்சி, எதிர்த் திசையில் மின்வாரியத்தின் கம்பிக்குள் போய் வரத் தொடங்குகிறது. முக்கோணம் தலைகீழாகிறது: அடிப்பக்கம் 30, செங்குத்துப் பக்கம் 60, கர்ணம் 67. திறன் காரணி 0.45! பின்தங்குவதற்குப் பதில் முந்துகிறது என்பது மட்டுமே வேறுபாடு. கம்பிக்குச் சுமை சுமைதான். போதாக்குறைக்குப் பேனலின் மின்னழுத்தமும் சற்று உயர்கிறது.

ஆகவேதான் பெட்டிகளைத் தனித்தனியே இணைத்துத் துண்டிக்கும் ஏற்பாடு செய்கிறார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு காண்டாக்டர். எல்லாவற்றுக்கும் தலைவனாக ஒரு திறன் காரணி ரிலே. அது மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையேயுள்ள கோணத்தை இடைவிடாமல் அளந்து, தேவைக்கேற்பப் பெட்டிகளைச் சேர்க்கும், விலக்கும். 12.5 கேவார் பெட்டி ஒன்று இருப்பது இங்கே வசதியாகிவிடுகிறது, 12.5, 25, 37.5 என்று 112.5 வரை படிப்படியாக ஏறலாம். மதிய இடைவேளையில் ரிலே ஒரு 25ஐயும் 12.5ஐயும் மட்டும் வைத்துக்கொண்டால் மெய்யாகக் கிடைப்பது 33 கேவார், மீதி 7. திறன் காரணி 0.97க்கு மேலேயே நிற்கும்.

ரிலே ஒரு பெட்டியை விலக்கியதும் உடனே மறுபடி சேர்க்காமல் சிறிது நேரம் காத்திருக்கும்படி அமைத்திருப்பார்கள். விலக்கிய கணத்தில் மின்தேக்கிக்குள் 587 வோல்ட் வரை மின்னூட்டம் தங்கியிருக்கலாம். அது 415 வோல்ட்டின் உச்ச மதிப்பு. அதை மெல்ல வடிப்பதற்கென்றே பெட்டிக்குள் மின்தடைகள் வைத்திருக்கிறார்கள். மூன்று நிமிடத்துக்குள் 75 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தர விதி. மின்தடை பழுதாகியிருக்கவும் கூடும். ஆகவே அனுபவமுள்ள மின்பணியாளர் சுவிட்சை அணைத்ததும் கை வைக்க மாட்டார். காத்திருந்து, அளந்து பார்த்து, முனைகளைக் குறுக்கிட்டு இணைத்த பிறகுதான் தொடுவார்.

பொருத்தியபின் பெட்டி நன்றாக இருக்கிறதா என்று எப்படி அறிவது? மின்பணியாளர்களிடம் ‘டாங் டெஸ்டர்’ என்ற கருவி இருக்கும். கம்பியை வெட்டாமல், இடுக்கிபோல் அதைச் சுற்றிப் பிடித்தாலே மின்னோட்டத்தைக் காட்டுவது. நம் 25 கேவார் பெட்டி 415 வோல்ட்டில் ஒவ்வொரு கட்டத்திலும் சுமார் 31 ஆம்பியர் எடுக்க வேண்டும். மூன்றிலும் 31 காட்டினால் நலம். ஒரு கட்டத்தில் 31ஆகவும் மற்ற இரண்டில் 18ஆகவும் காட்டினால், முக்கோணத்தின் ஒரு பக்கம் உள்ளே அறுந்துவிட்டது என்று பொருள். அந்தப் பெட்டி பார்வைக்கு நன்றாகவே நிற்கும். கேவார் மட்டும் மூன்றில் இரண்டாகிவிடும். திறன் காரணி ஏன் இறங்கியது என்று மாதக் கடைசியில் மண்டையைக் குடைந்துகொள்வதைவிட மாதம் ஒரு முறை டாங் டெஸ்டரைப் பிடித்துப் பார்ப்பது எளிது.

31க்குப் பதில் 40 ஆம்பியர் காட்டினால்? மின்னழுத்தம் அவ்வளவு கூடியிருக்க வழியில்லை. அப்படியானால் 50 சுழற்சியல்லாத வேறு மின்னோட்டமும் கலந்திருக்கிறது. மோட்டாரின் வேகத்தை மாற்ற இன்று பயன்படும் மின்னணு டிரைவ்கள் மின்னோட்டத்தைச் சீரான அலையாக எடுப்பதில்லை. வெட்டி வெட்டி எடுக்கின்றன. அதனால் 250, 350 சுழற்சிகளுள்ள கிளை அலைகள், அதாவது ஐந்தாவது, ஏழாவது சீரிசைகள், பிறக்கின்றன. அதிர்வெண் கூடக் கூட மின்தேக்கி எளிதாக வழிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். அதோடு, மின்மாற்றியின் மின்தூண்டலும் நம் மின்தேக்கியும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வுச் சுற்றாகவும் ஆகின்றன. நம் மின்மாற்றியின் மின்னெதிர்ப்பு 4.5 விழுக்காடு என்று கொண்டு, வெளிப்பக்கத்தின் எதிர்ப்பைப் புறக்கணித்துக் கணக்கிட்டால், 100 கேவாருடன் ஒத்ததிர்வு 372 சுழற்சியில் வருகிறது. ஏழாவது சீரிசையின் 350க்கு இது மிகவும் பக்கம். பின்னொரு நாள் இன்னொரு 25 கேவார் பெட்டியைச் சேர்த்தால் 337க்கு இறங்கி, 350இன் மறுபக்கம் போய் நிற்கும். இரண்டும் ஆபத்தான அண்டை!

அத்தகைய கூடத்தில் பெட்டி சூடேறும், பக்கங்கள் உப்பும், ஃபியூஸ் அடிக்கடி போகும். உரிமையாளர் வாங்கப்போகும் 30 கிலோவாட் இயந்திரங்களில் டிரைவ்கள் இருந்தால், ஒவ்வொரு மின்தேக்கிக்கும் முன்னால் தொடராக ஒரு மின்தூண்டிச் சுருளை வைப்பது வழக்கம். 7 விழுக்காட்டுச் சுருள் என்பார்கள். அது சுற்றின் ஒத்ததிர்வை 189 சுழற்சிக்குக் கீழே தள்ளிவிடுகிறது. அங்கே ஐந்தாவதும் இல்லை, ஏழாவதும் இல்லை. ஆனால் சுருள் வந்தால் மின்தேக்கியின் மேல் விழும் மின்னழுத்தம் சற்றுக் கூடும். ஆகவே இன்னும் உயர்ந்த வோல்ட் அளவுள்ள பெட்டிகளை வாங்க வேண்டும். புது இயந்திரங்களின் பட்டியலைப் பார்த்த பிறகே மின்தேக்கிக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

கடைசியாக ஒரு செய்தி. சுவரிலுள்ள பிளக்கில் செருகினால் வீட்டு மின்கட்டணம் பாதியாகும் என்று சொல்லி, சிறு பெட்டிகளை விற்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அவற்றுள் சிலவற்றைப் பிரித்தால் உள்ளே ஒரு மின்தேக்கியும் ஒளிரும் சிறு விளக்கும் இருக்கும். வீட்டு மீட்டர் யூனிட் கணக்கில், அதாவது முக்கோணத்தின் அடிப்பக்கத்துக்கு மட்டுமே, காசு வாங்குகிறது. மின்தேக்கி வெட்டுவதோ செங்குத்துப் பக்கத்தை. நம் தொழிற்கூடத்திலும் 100 கேவாரைப் பொருத்தியபின் இயந்திரங்கள் அதே 160 கிலோவாட்டைத்தான் எடுக்கின்றன. கம்பிகளிலும் மின்மாற்றியிலும் வீணான சிறு வெப்பம் மட்டுமே யூனிட்டில் மிச்சமாகிறது. உரிமையாளருக்குக் கிடைத்த லாபம் வேறு வழியில் வந்தது: கே.வி.ஏ. தேவைக்கான கட்டணம் குறைந்தது. புது மின்மாற்றி வாங்கும் செலவு நின்றது.